லிஃப்ட் எங்கே நின்றது?

லிஃப்ட் கம்பெனி ஒன்றில் சர்வீஸ் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். குடியிருப்போர் எழுதும் புகார்க் கடிதங்கள் கடைசியில் வந்து சேரும் மேஜை என்னுடையது. எழுதியவர்களுக்கு அது தெரியாது. அவர்கள் வீட்டு உரிமையாளருக்கு எழுதுவார்கள். அவர் பாதி படித்துவிட்டு ஓரத்தில் 'கவனிக்கவும்' என்று எழுதி எங்களுக்கு அனுப்பிவிடுவார். நாங்கள் ஒரு மெக்கானிக்கை அனுப்புவோம். அவர் போய்ச் சேரும்போது லிஃப்ட் ஓடிக்கொண்டிருக்கும். மேலும் கீழும் நாலு தடவை ஓட்டிப் பார்ப்பார், கதவு ஓடும் தடத்தில் சேர்ந்த குப்பையைத் துடைப்பார், சர்வீஸ் ரிப்போர்ட்டில் 'சோதிக்கப்பட்டது, நன்றாக இயங்குகிறது' என்று எழுதி வாட்ச்மேனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த கட்டடத்துக்குப் போய்விடுவார். கடிதத்துக்கு நடவடிக்கை எடுத்தாகிவிட்டது. மறுநாள் லிஃப்ட் திரும்பவும் நிற்கும்.

இதில் மெக்கானிக்கை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 'லிஃப்ட் அடிக்கடி ரிப்பேர் ஆகிறது' என்ற ஒரே வரியை வைத்துக்கொண்டு அவர் எதைத் தேடுவார்? ஓடும் லிஃப்டில் பழுதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். அது எப்போது, எங்கே, எந்த நிலையில் நின்றது என்று யாராவது சொன்னால்தான் வழி கிடைக்கும். அதைச் சொல்லக்கூடியவர்கள் அந்தக் கட்டடத்தில் குடியிருப்பவர்கள் மட்டுமே.

ஓய்வு பெற்ற பிறகு இந்த மாதிரிக் கடிதங்களைத் திருத்திக் கொடுக்கும் வேலை எப்படியோ என் தலையில் விழுந்தது. அவற்றில் ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. சம்பந்தப்பட்டவர்களை அடையாளம் காட்டக் கூடாது என்பதற்காகத் தேதிகளையும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

மேற்கு மாம்பலத்தில் ஒரே உரிமையாளருக்குச் சொந்தமான கட்டடம். கீழே வாகனம் நிறுத்தும் ஸ்டில்ட் தளம், மேலே நான்கு மாடி, மாடிக்கு மூன்று என்று 12 வீடுகள். எல்லாமே வாடகை. லிஃப்ட் ஆறு பேருக்கானது, 408 கிலோ; நம் நாட்டில் ஆளுக்கு 68 கிலோ என்று கணக்கு. தானியங்கிக் கதவு, மொட்டை மாடியில் மெஷின் ரூம். குடியிருப்போர் சங்கத் தலைவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உரிமையாளருக்கு அனுப்ப இரண்டு பக்கக் கடிதம் ஒன்றை எழுதிவைத்து, என்னிடம் படிக்கக் கொடுத்தார்.

"சும்மா ஒரு பார்வை பாருங்க சார். காரம் போதுமான்னு சொல்லுங்க."

காரம் தாராளமாகவே இருந்தது. 'தங்களின் அலட்சியத்தால் நாங்கள் படும் துன்பம் சொல்லி மாளாது' என்று தொடங்கியது. லிஃப்ட் ஐம்பது தடவையாவது நின்றிருக்கும் என்றது. வயதானவர்கள், நோயாளிகள், கர்ப்பிணிகள், குழந்தைகள் அனைவரும் அவதிப்படுகிறார்கள் என்றது. உள்ளே இருக்கும் உதிரி பாகங்கள் எல்லாம் போலி என்றது. உயிர்ச்சேதம் ஏற்பட்டால் நீங்களே பொறுப்பு என்றது. உடனடியாக நடவடிக்கை எடுக்காவிட்டால் அனைவரும் வாடகையை நிறுத்திவைப்போம் என்று முடிந்தது.

அவருடைய கோபம் நியாயமானது. ஆனால் இந்தக் கடிதத்துக்கு உரிமையாளர் இரண்டே வரியில் பதில் எழுதிவிடலாம்: 'லிஃப்ட் கம்பெனியிடம் பராமரிப்பு ஒப்பந்தம் நடப்பில் உள்ளது. ஒவ்வொரு புகாருக்கும் ஆள் வந்து சரிசெய்துள்ளார்.' இரண்டும் உண்மை. 'வாடகையை நிறுத்துவோம் என்று எழுத்தில் மிரட்டியிருக்கிறீர்கள்' என்று மூன்றாவதாக ஒரு வரியும் சேர்த்துக்கொள்வார். அதுவும் உண்மைதான்.

"ஐம்பது தடவைன்னு எழுதியிருக்கீங்களே, கணக்கு இருக்கா?" என்றேன்.

"கணக்கு எதுக்கு சார், தினம் நிக்குது."

கணக்கு வாட்ச்மேனிடம் இருந்தது. யாரும் சொல்லாமலே அவர் ஒரு நோட்டில் எழுதிவந்தார். எந்த நாள், மணி என்ன, கம்பெனிக்குப் போன் பண்ணிய நேரம், ஆள் வந்த நேரம். மெக்கானிக் தாமதமாக வந்தால் உரிமையாளர் தன்னைத்தான் திட்டுவார் என்பதற்காக எழுதிவைத்தது. ஜூலை முதல் செப்டம்பர் வரை அதில் 11 பதிவுகள். தலைவருக்கு முகம் சுருங்கியது. பதினொன்று என்றால் உரிமையாளர் சிரிப்பார் என்றார். ஐம்பதைத்தான் சிரித்துத் தள்ளலாம், பதினொன்றைத் தள்ள முடியாது என்று சொல்லிவிட்டு, நோட்டோடு வாட்ச்மேனையும் கூப்பிட்டு உட்காரவைத்தோம்.

நோட்டில் இல்லாத ஒன்றை நான் அவரிடம் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் லிஃப்ட் எங்கே நின்றது? அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது, மாட்டிக்கொண்டவர்களிடம் வெளியிலிருந்து பேச்சுக் கொடுத்தவர் அவர்தானே. ஆறு தடவை இரண்டாம் மாடிக்குக் கொஞ்சம் கீழே, ஏறக்குறைய ஒரே இடத்தில். ஏறும்போதும் இறங்கும்போதும். இரண்டு தடவை மின்சாரம் போனபோது, வெவ்வேறு இடங்களில். இரண்டு தடவை பலத்த மழைக்கு மறுநாள் காலை, லிஃப்ட் கிளம்பவே இல்லை. இன்னொன்று, முதல் மாடிக்குக் குடிவந்தவர்கள் இரும்பு பீரோ ஏற்றியபோது. பீரோ கதவில் இடித்து, கதவுப் பலகை தடத்தை விட்டு வெளியே வந்துவிட்டது.

தலைவர் 'அடிக்கடி ரிப்பேர்' என்று ஒரே சொல்லில் அடக்கியது உண்மையில் நான்கு தனித்தனி விஷயங்கள். நான்குக்கும் செய்ய வேண்டியது வேறு, செலவு வேறு, செய்ய வேண்டிய ஆளும் வேறு.

முதல் ஆறைச் சற்று விளக்க வேண்டும். லிஃப்டில் ஒவ்வொரு மாடிக் கதவிலும் ஒரு பூட்டு உண்டு. கதவு மூடிப் பூட்டிக்கொண்டதும் அதிலுள்ள மின் தொடர்பு சேரும். எல்லா மாடிக் கதவுகளின் தொடர்பும், லிஃப்ட் பெட்டிக் கதவின் தொடர்பும் ஒரே சங்கிலியாகக் கோக்கப்பட்டவை. அதில் ஏதாவது ஒன்று கண நேரம் விட்டாலும் லிஃப்ட் அந்த இடத்திலேயே நின்றுவிடும். நிற்கத்தான் வேண்டும். கதவு திறந்த நிலையில் லிஃப்ட் ஓடினால்தான் ஆள் சாவான்.

ஒரு மாடிப் பூட்டில் தொடர்பு தேய்ந்தோ அழுக்குப் பிடித்தோ இருந்தால், அதிர்வில் எப்போது வேண்டுமானாலும் அது விடலாம். அப்போது லிஃப்ட் ஒரு நாள் முதல் மாடியருகே நிற்கும், இன்னொரு நாள் நான்காம் மாடியருகே நிற்கும். பழுது இருக்கும் மாடியும் லிஃப்ட் நின்ற மாடியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. புதிதாக வந்த மெக்கானிக்குகள் பலர் ஏமாறுவது இங்கேதான். ஆனால் எப்போதும் ஒரே இடத்தில் நின்றால் விஷயம் வேறு. பெட்டிக் கதவின் மேல் கேம் என்று ஒரு தகடு இருக்கும். மாடியில் வந்து நிற்கும்போது அது மாடிக் கதவுப் பூட்டின் ரோலரைப் பிடித்துக் கதவைத் திறக்கும். நிற்காமல் கடந்துபோகும் மாடிகளில் ரோலரைத் தொடாமல் இடைவெளிவிட்டுப் போக வேண்டும். இரண்டாம் மாடிப் பூட்டு கொஞ்சம் நகர்ந்திருந்தாலோ, ரோலர் தேய்ந்து ஆடினாலோ, கடந்துபோகிற போக்கில் கேம் அதை உரசும். பூட்டு அசையும், சங்கிலி விடும், லிஃப்ட் நிற்கும். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில்.

என் சந்தேகம் இதுதான். ஆனாலும் கடிதத்தில் இதை எழுதக் கூடாது என்று தலைவரிடம் கண்டிப்பாகச் சொன்னேன். அவருக்கு ஏமாற்றம். இவ்வளவு விஷயம் தெரிந்த பிறகு எழுதாமல் இருப்பானேன்? ஏனென்றால் கடிதத்தில் கையெழுத்துப் போடுபவர் பார்த்தது, லிஃப்ட் நின்ற இடத்தை. காரணத்தை அவர் பார்க்கவில்லை, நானும் பெட்டியின் மேல் ஏறிப் பார்க்கவில்லை. 'பூட்டு பழுது' என்று எழுதி, கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்து அது வேறொன்று என்று சொன்னால், ஒரு வரி பொய்யானதற்காகக் கடிதம் முழுதும் படுத்துவிடும். 'ஆறு முறை இரண்டாம் மாடிக்குச் சற்றுக் கீழே நின்றது' என்பதை யாரும் மறுக்க முடியாது. விஷயம் தெரிந்த மெக்கானிக்குக்கு அந்த வரியே போதும், எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும். போலி உதிரி பாகம் என்ற வாக்கியமும் இதே காரணத்தால் போனது.

அடுத்து சர்வீஸ் ரிப்போர்ட்டுகளை எடுக்கச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் மெக்கானிக் ஒரு பிரதியைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போவார். வாட்ச்மேன் மேஜை டிராயரில் அவை கசங்கிக் கிடந்தன. பல வருடம் இந்தத் தாள்களைப் படித்தவன் என்பதால் எனக்குக் கண் நேராகக் கடைசிக் கட்டத்துக்குத்தான் போகும். மேலே 'இரண்டாம் மாடி டோர் லாக் சரிசெய்யப்பட்டது' என்று திரும்பத் திரும்ப இருந்தது. ஆகஸ்ட் 9-ஆம் தேதித் தாளின் அடியில், சின்ன எழுத்தில், 'லாக் மாற்றப் பரிந்துரை, கோட்டேஷன் அனுப்பப்படும்' என்றிருந்தது. செப்டம்பர் தாள் ஒன்றில் 'கோட்டேஷன் ஒப்புதல் நிலுவை' என்றிருந்தது.

முடிச்சு அங்கேதான் இருந்தது. பராமரிப்பு ஒப்பந்தத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் உதிரி பாகமும் சேர்ந்தது. இன்னொன்றில் ஆள் வந்து எண்ணெய் போட்டு, துடைத்து, முடுக்கிவிட்டுப் போவது மட்டும். பாகம் மாற்ற வேண்டுமானால் தனியாகக் கோட்டேஷன் போட்டு உரிமையாளர் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாவது வகை மலிவு என்பதால் வாடகைக் கட்டடங்களில் பெரும்பாலும் அதுதான். மெக்கானிக் தேய்ந்த பூட்டைத் திரும்பத் திரும்ப முடுக்கிவிட்டுப் போவார். ஒப்புதல் வராமல் அவரால் வேறு எதுவும் செய்ய முடியாது. அதனால் இந்தக் கடிதம் உரிமையாளரிடம் 'லிஃப்டைச் சரிசெய்யுங்கள்' என்று கேட்கக் கூடாது, ஏற்கெனவே அவர் மேஜையில் கிடக்கும் கோட்டேஷனுக்கு ஒப்புதல் கொடுங்கள் என்று கேட்க வேண்டும். முதல் கோரிக்கையை அவர் கம்பெனி பக்கம் தள்ளிவிடலாம். இரண்டாவதைத் தள்ள இடமில்லை.

மெக்கானிக்கிடம் தனியாகப் பேசி விஷயத்தை வாங்கியிருக்கலாம். செய்யவில்லை. 'உங்கள் ஆளே சொன்னார்' என்று கடிதத்தில் வந்தால் அந்தப் பையனின் வேலைக்கு ஆபத்து. கட்டடத்தில் கொடுத்துவிட்டுப் போன தாளில் எழுதியிருப்பதை மேற்கோள் காட்டினால் யாருக்கும் கேடில்லை.

நேரக் கணக்கு போட்டபோது இன்னொன்று தெரிந்தது. இரண்டாம் மாடியில் நின்ற ஆறு தடவைகளையும் சேர்த்தால் லிஃப்ட் ஓடாத நேரம் சுமார் 9 மணி. மழைக்குப் பிறகு நின்ற இரண்டு தடவை மட்டும் 31 மணியும் 44 மணியும். லிஃப்ட் பள்ளத்தில் தண்ணீர் இறங்கியதுதான் விஷயம். அங்கே பாதுகாப்பு ஸ்விட்சுகள் இருக்கின்றன, கவர்னர் கயிற்றின் கீழ்ச் சக்கரம் இருக்கிறது. நனைந்தால் தண்ணீரை இறைத்து, உலர்த்தி, சோதித்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். மெக்கானிக் நிறுத்திவைத்தது சரி. ஆனால் பள்ளத்தில் தண்ணீர் வராமல் பார்ப்பது லிஃப்ட் கம்பெனியின் வேலை அல்ல, கட்டட வேலை. கொத்தனாரும் பிளம்பரும் வர வேண்டிய இடத்துக்கு லிஃப்ட் மெக்கானிக்கைத் திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டிருந்தார்கள். தடவைகளை மட்டும் எண்ணியிருந்தால் மழை விஷயம் கடைசிக்குப் போயிருக்கும். வடகிழக்குப் பருவமழை வாசலில் நின்ற நேரம் அது.

மின்சாரம் போய் நின்ற இரண்டுக்கும் காரணம் தேட வேண்டியதே இல்லை. மின்சாரம் போனால் பேட்டரியில் அருகிலுள்ள மாடிக்குப் போய்க் கதவைத் திறந்துவிடும் கருவி ஒன்று இந்த லிஃப்டில் இருந்தது. ஏ.ஆர்.டி. என்போம். அது வேலை செய்யவில்லை. பேட்டரி என்றால் சில வருடங்களில் செத்துப்போகும், எந்த வீட்டு இன்வெர்ட்டரிலும் அதுதானே கதை. இதை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை என்பதுதான் நான் கண்டது. கம்பெனி ஆள் மாதாந்தர சர்வீஸுக்கு வரும்போது, எதிரே நின்று மெயினை அணைத்துக் காட்டச் சொல்ல வேண்டும்.

அப்படி மின்சாரம் போன ஒரு நாளில் நடந்ததைக் கேட்டபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. உள்ளே ஒரு மூதாட்டி. பெட்டி மூன்றாம் மாடித் தரைக்கு இரண்டடிக்கு மேல் உயரத்தில் நின்றுவிட்டது. 40 நிமிடம் பொறுத்துப் பார்த்த பிறகு, யாரோ கதவைத் திறக்கும் சாவியை எடுத்துவந்து மாடிக் கதவைத் திறந்து, அந்த அம்மாவைக் கையைப் பிடித்து இறக்கியிருக்கிறார்கள். நல்ல மனதோடு செய்ததுதான். ஆனால் பெட்டி தரைக்கு மேலே நிற்கும்போது அதன் அடியில் திறந்த இடைவெளி இருக்கும். இறங்குகிறவர் பின்னால் சாய்ந்தால் நேராகப் பள்ளத்துக்குத்தான் போவார். பெட்டிக்குள் மாட்டிக்கொண்டவருக்கு மூச்சு முட்டாது, காற்று வர வழி உண்டு. ஆபத்து உள்ளே இருப்பதில் இல்லை, அவசரப்பட்டு வெளியே வருவதில்தான். பயிற்சி பெற்ற ஆள் மெஷின் ரூமில் மெயினை அணைத்து, பிரேக்கைக் கையால் விட்டு, பெட்டியை மாடி மட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகே கதவைத் திறக்க வேண்டும்.

இது கடிதத்தில் வர வேண்டும் என்றேன். தலைவர் தயங்கினார், "நம்ம ஆளுங்க செஞ்ச தப்பு சார் அது" என்று. பீரோ விஷயத்தில் அவர் இன்னும் பிடிவாதமாக இருந்தார். அதைக் கணக்கில் சேர்க்காமல் பத்து என்று எழுதிவிடலாம் என்றார். உரிமையாளரிடமும் அதே சர்வீஸ் ரிப்போர்ட் இருக்குமே! நாம் மறைத்த ஒன்றை அவர் எடுத்துக் காட்டினால் மீதிப் பத்தும் சந்தேகத்துக்கு உள்ளாகும். நாமே சொல்லிவிட்டால் மீதிப் பத்தும் நிற்கும். அரை மனதோடு ஒப்புக்கொண்டார்.

வாடகையை நிறுத்தும் வரியை எடுப்பதில்தான் அதிக நேரம் போனது. சங்கத்தில் அதற்கு ஆதரவு பலமாக இருந்தது. வாடகை பாக்கி என்பது காலி செய்யச் சொல்ல உரிமையாளருக்குச் சட்டம் கொடுத்திருக்கும் காரணம். அதை நாமே எழுதி ஏன் கையில் கொடுக்க வேண்டும்? 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தில் அத்தியாவசிய சேவையை உரிமையாளர் நிறுத்தக் கூடாது என்று இருக்கிறதே, அதைக் காட்டலாமே என்று ஓர் இளைஞர் கேட்டார். அந்த விதி வேண்டுமென்றே சேவையைத் துண்டிப்பவர்களை மனதில் வைத்தது. பழுதாகி நிற்கும் லிஃப்டுக்கு அதை இழுத்தால் வக்கீல்கள் வாதாடிக்கொண்டிருப்பார்கள், லிஃப்ட் ஓடாது. அதைவிட உறுதியான பிடி கையில் இருந்தது. ஒவ்வொரு வீடும் மாதம் 1,500 ரூபாய் பராமரிப்புக் கட்டணம் கொடுக்கிறது. ரசீதிலேயே 'லிஃப்ட், மோட்டார், பொது விளக்கு' என்று அச்சடித்திருந்தது. வாங்கிய பணத்துக்கு ரசீது கொடுத்தவர் அந்தப் பொறுப்பு தனக்கில்லை என்று சொல்ல முடியாது.

அதோடு, லிஃப்டை இயக்கத் தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டின் லிஃப்ட் சட்டப்படி உரிமம் வேண்டும். மின் ஆய்வுத் துறை அதைக் கவனிக்கிறது. உரிமத்தின் நகலைப் பார்க்கக் கேட்பது மிரட்டல் ஆகாது. ஆனால் கேட்ட கேள்வியின் எடை உரிமையாளருக்குப் புரியும்.

வயதானவர்கள், நோயாளிகள் என்ற பட்டியலுக்குப் பதில் ஒரே ஒருவரை எழுதினோம். நான்காம் மாடியில் ஒருவர் வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகிறவர். 44 மணி நேரம் லிஃப்ட் நின்றபோது அவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி இறக்கினார்கள். எழுதலாமா என்று அவரிடமே கேட்டோம். பெயரும் வீட்டு எண்ணும் வேண்டாம், விஷயத்தை எழுதுங்கள் என்றார்.

கடைசியில் கடிதம் ஒரு பக்கத்தில் அடங்கியது:

'ஐயா,

பொருள்: ஜூலை 1 முதல் செப்டம்பர் 30 வரை லிஃப்ட் நின்ற விவரமும் எங்கள் கோரிக்கைகளும்.

மேற்படி மூன்று மாதங்களில் நம் கட்டட லிஃப்ட் 11 முறை நின்றது. மொத்தம் சுமார் 88 மணி நேரம் இயங்கவில்லை. தேதி, நேரம், லிஃப்ட் நின்ற இடம், கம்பெனி ஆள் வந்த நேரம் ஆகியவை இணைப்பு 1-இல் உள்ளன.

6 முறை இரண்டாம் மாடித் தளத்துக்குச் சற்றுக் கீழே நின்றது. ஆகஸ்ட் 9 தேதியிட்ட சர்வீஸ் ரிப்போர்ட்டில் இரண்டாம் மாடிக் கதவின் பூட்டை மாற்றப் பரிந்துரைத்துள்ளனர். செப்டம்பர் ரிப்போர்ட்டில் ஒப்புதல் நிலுவையில் உள்ளதாகக் குறிப்பிட்டுள்ளனர். நகல்கள் இணைப்பு 2.

2 முறை மழைக்குப் பின் லிஃப்ட் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி, 31 மணி நேரமும் 44 மணி நேரமும் நின்றது. இரண்டாவது முறை, டயாலிசிஸ் சிகிச்சைக்குச் செல்லும் ஒருவரை நான்காம் மாடியிலிருந்து நாற்காலியில் தூக்கி இறக்க நேர்ந்தது.

2 முறை மின்சாரம் நின்றபோது, அவசர மீட்புக் கருவி இயங்காததால் ஆட்கள் உள்ளே மாட்டிக்கொண்டனர். அதில் ஒரு முறை, பயிற்சி இல்லாதவர்கள் மாடிக் கதவைத் திறந்து ஒரு மூதாட்டியை இறக்கினர். இது ஆபத்தானது என அறிந்து, இனி அப்படிச் செய்யக் கூடாது என எங்கள் உறுப்பினர்களிடம் கூறியுள்ளோம்.

1 முறை, குடியிருப்பவர் ஒருவரின் பொருளை ஏற்றியபோது கதவு இடிபட்டு நின்றது. அதற்கு நாங்களே பொறுப்பு. பழுதுபார்க்கும் செலவு இருப்பின் தெரிவிக்கவும், செலுத்துகிறோம். கனமான பொருள்களை லிஃப்டில் ஏற்றக் கூடாது என அறிவிப்பு வைத்துள்ளோம்.

ஒவ்வொரு வீடும் மாதம் ரூ.1,500 பராமரிப்புக் கட்டணம் செலுத்திவருகிறது. அதில் லிஃப்ட் பராமரிப்பும் அடங்கும் என ரசீதில் உள்ளது.

எனவே, அக்டோபர் 18-க்குள் கீழ்க்கண்டவற்றைச் செய்துதர வேண்டுகிறோம். நிலுவையிலுள்ள கோட்டேஷனுக்கு ஒப்புதல் அளித்து, வேலை நடக்கும் தேதியை எழுத்தில் தெரிவிக்கவும். அவசர மீட்புக் கருவியைச் சோதித்து, எங்கள் முன்னிலையில் இயக்கிக் காட்டச் செய்யவும். பள்ளத்தில் தண்ணீர் இறங்கும் வழியைக் கட்டடப் பொறியாளரைக் கொண்டு பார்க்கவும். அதுவரை தண்ணீர் இறைக்க ஏற்பாடு செய்யவும். லிஃப்ட் உரிமத்தின் நகலையும், 24 மணி நேர அவசரத் தொலைபேசி எண்ணையும் தரைத்தளத்தில் ஒட்டச் செய்யவும்.

பழுதான பூட்டுகளைத் தவிர்த்து, நேர் இணைப்புக் கொடுத்து லிஃப்டை ஓட்டுவதற்கு எந்தச் சூழலிலும் அனுமதிக்க வேண்டாம் எனவும் கேட்டுக்கொள்கிறோம்.

மேற்கண்ட தேதிக்குள் பதில் கிடைக்காவிடில், லிஃப்டை ஆய்வு செய்யுமாறு மின் ஆய்வுத் துறைக்கு விண்ணப்பிப்போம்.'

கீழே தலைவர் கையெழுத்து மட்டும் போதாது என்றேன். 'சங்கத்தோடு எனக்கு ஒப்பந்தம் இல்லை, தனித்தனிக் குடியிருப்பவர்களோடுதான்' என்று சொல்லும் உரிமையாளர்கள் உண்டு. 12 வீட்டு எண்களையும் வரிசையாகப் போட்டு, வாடகை ஒப்பந்தத்தில் பெயர் உள்ளவர்களே கையெழுத்திட்டார்கள். ஒருவர் முதலில் மறுத்தார், உரிமையாளரின் தூரத்து உறவாம். கடிதத்தைப் படித்துவிட்டு, 'இதுல திட்டே இல்லையே' என்று போட்டுக் கொடுத்தார். பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு ஒரு பிரதி, வாட்ஸ்அப்பில் ஒரு படம்.

முடிவு பாதிதான் நல்லது. இரண்டாம் மாடிப் பூட்டை ஒரே வாரத்தில் மாற்றினார்கள். அந்த வேலையின்போது கேம் இடைவெளியையும் சரிசெய்ததாக ரிப்போர்ட்டில் எழுதியிருந்தார்கள். அதன் பிறகு லிஃப்ட் அந்த இடத்தில் நிற்கவில்லை. பேட்டரியும் புதிதாக வந்தது. உரிமையாளர் தன் பதிலில் பீரோ விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, செலவும் கேட்கவில்லை. உரிமத்தின் நகலை ஒட்டச் சில வாரம் தாமதமானது, ஆனால் ஒட்டினார்கள். பள்ளம் மட்டும் அப்படியே இருந்தது. தண்ணீர் இறைக்க ஒரு சின்ன மோட்டார் வாங்கி வைத்ததோடு சரி. சுவரைத் தோண்டிக் கசிவை அடைக்கும் செலவு பெரியது. அதற்கு ஒரு கடிதம் போதவில்லை. அடுத்த மழைக்கும் லிஃப்ட் நின்றது. தலைவர் இந்த முறை என்னிடம் வரவில்லை. இடமும் நேரமும் குறித்து அவரே எழுதிவிட்டார்.

நேர் இணைப்பைப் பற்றி அந்த ஒரு வரியை ஏன் சேர்த்தேன் என்று சிலர் கேட்டார்கள். பூட்டு தொல்லை கொடுக்கும்போது, மெஷின் ரூமில் ஒரு துண்டு வயரைப் போட்டுப் பூட்டுச் சங்கிலியைத் தாண்டிவிடலாம். பழுதைத் தேடும் சில நிமிடங்களுக்கு மெக்கானிக் இதைச் செய்வார், முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். அவசரத்திலோ, 'எப்படியாவது ஓட்டுப்பா' என்ற நெருக்கடியிலோ அந்த வயர் அங்கேயே இருந்துவிட்டால், லிஃப்ட் பிறகு நிற்கவே நிற்காது. குடியிருப்பவர்கள் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். கதவு முழுதாக மூடும் முன்பே உங்கள் லிஃப்ட் கிளம்பினாலோ, பெட்டி அங்கே இல்லாதபோது மாடிக் கதவு கையால் தள்ளினாலே திறந்துகொண்டாலோ, கடிதம் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். உள்ளே யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு மெயினை அணையுங்கள், எல்லா மாடியிலும் ஆள் வையுங்கள், பிறகு கம்பெனிக்குப் போன் செய்யுங்கள்.